படைநாயும் எங்கள் காணியும்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் நாய். வீட்டு நாய் அல்ல, படைகளோடு வேலை செய்த நாய். எங்களில் பலருக்கு இராணுவத்து நாய் என்றவுடன் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடியும், அவிழ்த்துப் போட்ட பயணப் பெட்டியும்தான். அதனால் இது ஏன் எங்களுக்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

ஊருக்குப் போய் வரும் எங்கள் ஆட்கள் அடிக்கடி ஒரு கேள்வியோடு திரும்பி வருகிறார்கள். "அண்ணை, எங்கட காணியைத் துப்புரவாக்கி விட்டிட்டினமாம். நாய் விட்டுப் பார்த்ததாம். நம்பி இறங்கலாமோ? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" பளைப் பக்கத்துக் காணி உள்ள ஒருவர் கேட்டார். மன்னாரில் வயல் உள்ள ஒருவர் கேட்டார். நாய் பார்த்தது என்றால் என்ன பொருள், எதற்கு அது போதும், எதற்குப் போதாது என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் இன்றைய நோக்கம்.

நான் இருப்பது ரெக்சாசில், சான் அன்ரோனியோ நகரில். அமெரிக்கப் படைகளுக்கான நாய்கள் பயிற்றப்படும் லாக்லண்ட் விமானப்படைத் தளம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தளத்தில் பிறக்கும் பெல்ஜியன் மலினுவா குட்டிகளைச் சில மாதம் வீட்டில் வைத்து வளர்த்துத் திருப்பிக் கொடுக்க இந்தப் பகுதிக் குடும்பங்களிடம் கேட்பார்கள். நாங்களும் ஒரு குட்டியை வளர்த்துக் கொடுத்தோம். அங்கே பிறக்கும் குட்டிகளின் பெயரில் முதல் எழுத்தை இரட்டித்து எழுதுவது வழக்கம். பெயரைப் பார்த்தவுடனே அது அந்தத் தளத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும். நியூ ஜேர்சி நேயர்களுக்கு மொறிஸ்ரவுனில் உள்ள சீயிங் ஐ நிறுவனம் தெரிந்திருக்கும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை அவர்களும் இப்படித்தான் குடும்பங்களிடம் கொடுத்து வளர்க்கிறார்கள். அந்தக் குட்டி எங்கள் வீட்டில் இருந்த காலத்தில்தான் நான் பயிற்றுநர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் இந்த விடயங்களை அறிந்துகொண்டேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். படைகள் நாயை நான்கு வேலைகளுக்கு வைத்திருந்தன. காவல், சுவடு பிடித்தல், செய்தி கொண்டு செல்லல், வெடி கண்டுபிடித்தல். இவற்றில் ஒவ்வொன்றும் நாயின் வெவ்வேறு இயல்பைப் பயன்படுத்துகிறது.

செய்தி நாய் வீடு திரும்பும் ஆசையைப் பயன்படுத்தியது. முதலாம் உலகப் போரில் தொலைபேசிக் கம்பிகள் குண்டு விழுந்து அறுந்துவிடும். ஓடிப் போகும் ஆளைச் சுட்டுவிடுவார்கள். அதனால் பிரித்தானியப் படை 1917இல் ரிச்சர்ட்சன் என்ற அதிகாரியின் கீழ் ஷூபரினெஸ் என்ற இடத்தில் ஒரு நாய்ப் பள்ளி தொடங்கியது. நாயை வளர்த்தவர் பின்தளத்தில் நிற்பார். நாயை முன்னணிக்கு வேறு ஒருவர் கொண்டு போவார். கழுத்துப் பட்டியில் செய்தியை வைத்து அவிழ்த்துவிட்டால் அது தன் ஆளிடம் ஓடி வரும். ஆகவே அது ஒருவழிப் பாதை. முன்னணியில் உள்ளவர்கள் அதற்குச் சாப்பாடு கொடுத்துச் செல்லம் பண்ணினால், திரும்பிப் போகும் ஆசை குறைந்து வேலை கெட்டுவிடும். வானொலிக் கருவி கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறிதானதும் இந்த வேலை முடிந்துபோனது.

காவல் நாய் வேறு. அது அந்நியரின் மணத்தையும் ஒலியையும் மனிதருக்கு முன்னரே அறிந்து எச்சரிக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 10,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பயிற்றியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை காவல் நாய்கள்தான். 1942இல் தொடங்கிய அந்த முயற்சிக்குப் பொதுமக்கள் தங்கள் வீட்டு நாய்களைக் கொடுத்தார்கள். பயிற்சி நிலையங்களில் ஒன்று கலிபோர்னியாவில் சான் கார்லோசில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் நடுவே இன்று எங்கள் ஆட்கள் பலர் வேலைக்குப் போய் வரும் அதே சான் கார்லோஸ்தான். வியட்நாமில் 1965இல் டா நாங் விமானத் தளம் தாக்கப்பட்ட பின் லாக்லண்டில் பயிற்றிய காவல் நாய்களை அங்கே அனுப்பினார்கள். சுவடு பிடிக்கும் நாய்களை மட்டும் முதலில் மலாயாவின் ஜொகூரில் இருந்த பிரித்தானியக் காட்டுப்போர்ப் பள்ளியில் பயிற்ற வேண்டியிருந்தது. 1948 முதல் 1960 வரை நடந்த மலாயா அவசரகாலத்தில் அந்தத் தொழிலை பிரித்தானியர் கற்றிருந்தார்கள்.

வியட்நாமில் ஏறத்தாழ 4,000 நாய்கள் வேலை செய்தன என்று சொல்வார்கள். திரும்பி வந்தவை சுமார் 200 மட்டுமே. படைக் கணக்கில் நாய் ஒரு தளபாடம். மிஞ்சியதை அங்கேயே கொடுத்தார்கள் அல்லது கொன்றார்கள். வேலை முடிந்த படைநாயைத் தனியார் வளர்ப்புக்குக் கொடுக்கலாம் என்ற சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது.

இனி எங்களுக்கு வேண்டிய நான்காவது வேலைக்கு வருகிறேன். புதைத்த மிதிவெடியைக் கண்டுபிடிப்பது.

இந்த வேலைக்கு நாயைப் பழக்குவதில் இரண்டாம் உலகப் போரில் இரண்டு வழிகள் இருந்தன. அமெரிக்கர்கள் எடுத்த வழி நோவு. புதைத்த பொருளை நாய் அணுகினால் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். பூமியில் எதாவது புதைந்திருந்தால் ஆபத்து என்று நாய் விலகக் கற்கும் என்று நினைத்தார்கள். பயிற்சி நிலத்தில் அது நன்றாக வேலை செய்தது போலவே தெரிந்தது. 1944இல் வட ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனபோது பெரும் தோல்வி. நாய் கற்றுக்கொண்டது வெடிமருந்தின் மணத்தை அல்ல. அண்மையில் கிண்டிய மண்ணையும், கிண்டிய ஆளின் வாடையையும்தான். புதைத்துச் சில வாரம் கடந்து, வாடை போய், மண் இறுகிவிட்டால் அந்த நாய்க்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிரித்தானியர் எடுத்த வழி உணவு. வெடியைக் கண்டால் இறைச்சித் துண்டு. அப்படிப் பழகிய ரிக்கி என்ற ஆட்டு நாய், 1944 டிசம்பரில் ஒல்லாந்தின் நெடர்வேர்ட் என்ற இடத்தில் ஒரு வாய்க்கால் கரையில் வேலை செய்தது. பக்கத்தில் ஒரு வெடி வெடித்து அதன் தலையில் காயம் பட்டது. அதன் பின்னும் அது பதறாமல் வேலையைத் தொடர்ந்தது. பின்னர் அதற்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். நோவால் பழகிய நாயாக இருந்திருந்தால் அந்த வெடியோசையோடு ஓடியிருக்கும். இன்று உலகெங்கும் பின்பற்றுவது பரிசு வழிதான். இறைச்சிக்குப் பதிலாக ஒரு றப்பர் பந்து. எங்கள் வீட்டில் வளர்ந்த குட்டியை எடுக்கும்போதும் அவர்கள் பார்த்தது அதைத்தான். பந்தைப் புல்லுக்குள் எறிந்தால், காணாமல் போன பின்பும் விடாமல் எவ்வளவு நேரம் தேடுகிறது? தேடும் பிடிவாதம் இல்லாத குட்டிக்கு எவ்வளவு நல்ல மூக்கு இருந்தும் பயனில்லை.

ரெக்சாசுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. சான் அன்ரோனியோவுக்குத் தெற்கே சொமர்செற் என்ற சிற்றூரில் குளோபல் ட்ரெயினிங் அக்கடமி என்ற பயிற்சி நிலையம் இருந்தது. 1989 முதல் ஆப்கானிஸ்தானில் மிதிவெடி அகற்றப் போன நாய்கள் பல அங்கே பயிற்றப்பட்டவை. பின்னர் வேர்ஜீனியாவில் உள்ள மார்ஷல் லெகசி இன்ஸ்ரிரியூட் என்ற தொண்டு நிறுவனம் நன்கொடைப் பணத்தில் மிதிவெடி நாய்களைப் பல நாடுகளுக்கு வழங்கியது. இலங்கையும் அவற்றில் ஒன்று. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபின், அதே ஆண்டில் மொசாம்பிக்கைத் தளமாகக் கொண்ட ஒரு குழுவை அமெரிக்க அரசு நாய்களோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. இந்திய அமைப்புகளும், நோர்வே மக்கள் உதவி அமைப்பும் பின்னர் நாய்களைப் பயன்படுத்தின. ஆகவே நாய் பார்த்தது என்று ஊரில் சொல்வது கட்டுக்கதை அல்ல.

அப்படியானால் நாய் எதைத்தான் மோந்து பார்க்கிறது? இரும்பையோ பிளாஸ்டிக்கையோ அல்ல. வெடிமருந்தில் இருந்து கசியும் ஆவியை. ரி.என்.ரி. என்ற வெடிமருந்தில் தயாரிப்பின்போது கலந்துவிடும் டி.என்.ரி. என்ற பொருள் ரி.என்.ரி.யைவிட எளிதாக ஆவியாகும். அது உறையின் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து மண்ணில் கலக்கிறது. நாய் பெரும்பாலும் பிடிப்பது அந்தக் கசிவைத்தான். இதனால் ஒரு விந்தையான உண்மை வருகிறது. இன்று புதைத்த வெடியைவிடப் பல மாதம் மண்ணில் கிடந்த வெடி நாய்க்கு எளிது. அதனால்தான் நாயைச் சோதிக்கும் நிலத்தில், வெடிக்கும் பொறியை நீக்கிய வெடிகளைப் பல மாதங்களுக்கு முன்னரே புதைத்து மண்ணை ஊறவிடுவார்கள். முதல்நாள் புதைத்து மறுநாள் சோதித்தால், 1944இல் நடந்ததுதான் மீண்டும் நடக்கும்.

எங்கள் மண்ணில் கிடந்த வெடிகளை எண்ணிப் பாருங்கள். இராணுவம் வைத்த பி4 என்ற பாகிஸ்தான் வெடி உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான பிளாஸ்டிக் பொருள். அதில் உலோகம் மிக மிகக் கொஞ்சம். புலிகள் செய்த ஜொனி வெடிகளில் மரப்பெட்டியில் செய்தவையும் உண்டு, பி4ஐப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் வகையும் உண்டு. உலோகம் காட்டும் கருவிக்கு இவை கடினம். நாய்க்கு உலோகம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. ஆனால் நாய்க்கு வேறு ஒரு சிக்கல். எல்லா வெடிகளிலும் இருப்பது ஒரே மருந்து அல்ல. ரி.என்.ரி. மட்டும் பழகிய நாய் வேறு மருந்துள்ள வெடியைத் தாண்டிப் போகலாம். அந்த நிலத்தில் கிடக்கக்கூடிய ஒவ்வொரு வகையையும் அந்த நாட்டு மண்ணிலேயே புதைத்துப் பழக்கிச் சோதித்த பின்புதான் அதை வேலைக்கு இறக்கலாம்.

இனி ஒரு காணியை எடுத்து, வேலையை முதலில் இருந்து முடிவுவரை பார்ப்போம். நாலு பரப்புக் காணி என்று வைத்துக்கொள்வோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். நாலு பரப்பு 1,000 சதுர மீற்றர் சொச்சம்.

முதல் வேலை நாய்க்கு அல்ல, மனிதருக்கு. யார் எப்போது அங்கே இருந்தார்கள், எங்கே காவலரண் இருந்தது, எங்கே மாடு மிதித்து வெடித்தது என்று ஊராரைக் கேட்டு எழுதுவார்கள். பிறகு ஓரத்தில் இருந்து மிதிவெடி அகற்றுநர்கள் கையால் ஒரு பாதையைத் துப்புரவாக்குவார்கள். நாயும் அதை நடத்துபவரும் நிற்பதற்கு அந்தப் பாதை வேண்டும். காணியைப் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் பெட்டிகளாகப் பிரிப்பார்கள். ஒரு பெட்டி 100 சதுர மீற்றர். எங்கள் நாலு பரப்பில் பத்துப் பெட்டி வரும். பற்றையும் உயரப் புல்லும் இருந்தால் முன்னரே வெட்டிவிட வேண்டும். நாயின் மூக்கு நிலத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே போக வேண்டும். புல்லின் மேலே போனால் அது தேடல் அல்ல, உலாத்தல்.

காலை வெயில் ஏறுமுன் வேலை தொடங்கும். முதலில், பக்கத்தில் ஏற்கெனவே புதைத்து வைத்த சோதனை வெடியில் நாயை விட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு அதைக் காணாத நாய் அன்று காணிக்குள் இறங்காது. காய்ச்சலாக இருக்கலாம், முதல்நாள் களைப்பாக இருக்கலாம், காற்று சரியில்லாமல் இருக்கலாம். காரணம் எதுவானாலும் சரி.

பிறகு நாயை நீண்ட கயிற்றில் விடுவார்கள். நடத்துபவர் பாதையில் நிற்பார். நாய் நேர்கோட்டில் பெட்டியின் எதிர்ப்பக்கம் வரை மோந்துகொண்டு போய்த் திரும்பி வரும். அவர் ஓர் அடி இரண்டடி நகர்ந்து அடுத்த கோட்டில் விடுவார். பனையோலை பின்னுவது போலக் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில் வெடி இருக்கலாம். கயிறு இருப்பது நாய் ஓடிவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. கோடு வளைந்தால் கையிலே தெரியும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நாயை நிழலில் படுக்கவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இளைக்கும் நாய் வாயால் மூச்சு விடும். வாயால் மூச்சு விடும் நாய் மணம் பிடிக்காது.

மணம் பிடித்தால் நாய் அந்த இடத்தில் அமரும். கிண்டக் கூடாது, குரைக்கக் கூடாது. அமர்ந்து தன் ஆளைப் பார்க்கும். நடத்துபவர் அதைத் திரும்ப அழைத்துப் பந்தைக் கொடுப்பார். அமர்ந்த இடத்தை அடையாளம் வைப்பார்கள். பின்னர் மிதிவெடி அகற்றுநர் கவசம் அணிந்து அந்த இடத்தையும் அதைச் சுற்றியும் கையால் ஆராய்வார். சுற்றியும் என்பதைக் கவனியுங்கள். மழை வெள்ளம் மணத்தைத் தாழ்வான பக்கத்துக்கு இழுத்துப் போயிருக்கலாம். நாய் அமர்ந்த இடத்தில் வெடி இல்லை, மேட்டுப் பக்கம் ஒரு மீற்றரில் இருக்கிறது என்பது சாதாரணமாக நடப்பது.

ஒரு நாய் ஒன்றும் இல்லை என்று சொன்ன பெட்டி இன்னும் துப்புரவான பெட்டி அல்ல. இரண்டாவது நாய் அதே பெட்டியைத் தனியாகத் தேட வேண்டும். முதல் நாய் எங்கே அமர்ந்தது என்று இரண்டாவது நாயை நடத்துபவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. ஏனென்றால் நாய் மண்ணை மட்டும் அல்ல, தன் ஆளின் முகத்தையும் படிக்கும். இங்கே இருக்கும் என்று அவர் நினைத்துக் கயிற்றைச் சற்று இறுக்கினால் போதும், நாய் பந்துக்காக அமர்ந்துவிடும். பயிற்றுநர் ஒருவர் என்னிடம் சொன்னார், நாய் பொய் சொல்வதில்லை, எங்களை மகிழ்விக்கிறது, எங்களுக்கு அது இரண்டும் ஒன்றுதான் என்று. அதனால்தான் உரிமச் சோதனையில் வெடி எங்கே என்று நடத்துபவருக்கும் சொல்லமாட்டார்கள்.

இப்படி இரண்டு நாயும் பார்த்து முடிக்க எங்கள் நாலு பரப்புக்கு நல்ல நிலைமையில் சில நாட்கள் போதும். அதே காணியை ஓர் ஆள் கையால் மட்டும் அங்குலம் அங்குலமாகத் தோண்டினால் மாதங்கள் ஆகும். நாயின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. வெடி இல்லாத பெருநிலத்தை விரைவாக ஒதுக்கி, வெடி உள்ள சிறுநிலத்தை மனிதருக்குக் காட்டுவது.

ஆனால் எங்கள் ஊரின் மிகக் கொடிய நிலங்களில் நாய் பெரிதும் உதவவில்லை. ஏன் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். முகமாலையையும் கிளாலியையும் எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் இரு தரப்பும் எதிரெதிரே இருந்த முன்னரங்கு. அங்கே மிதிவெடிகள் தனித்தனியாக அல்ல, வரிசை வரிசையாக நெருக்கமாகக் கிடந்தன. அதற்கு மேல் எறிகணைகள் விழுந்து வெடித்து வெடிமருந்துத் துகள் மண் முழுக்கப் பரவியிருந்தது. எங்கும் மணம் என்றால் நாய்க்கு எங்கே அமர்வது? ஒன்றில் அடிக்கு அடி அமரும், அல்லது பின்னணி மணத்துக்குப் பழகி ஒன்றிலும் அமராமல் விடும். இரண்டாவதுதான் ஆபத்து. இடறு கம்பி இருக்கலாம் என்ற இடத்திலும் நாயை விடக்கூடாது. உலோகம் காட்டும் கருவியும் அங்கே எறிகணைச் சிதறலில் ஓயாமல் கத்தும்.

அங்கே வேலை செய்தவை இயந்திரமும் கையும். ஹலோ ட்ரஸ்ற் அமைப்பு கவசம் போட்ட இயந்திரங்களால் மண்ணை அள்ளிச் சலித்தது. அதற்கு முன்னரே, 2002 போர்நிறுத்தக் காலத்தில், எங்கள் பிள்ளைகள் ஒரு கை முறையைப் பழகியிருந்தார்கள். குப்பை கூட்டும் வாரியைப் போன்ற நீண்ட கைப்பிடியுள்ள பற்கருவியால் மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சுரண்டி எடுப்பது. வெடியின் அமுக்குத் தட்டு மேலே இருக்கும். பக்கத்தில் இருந்து மண் குறைந்து வரும்போது வெடி அப்படியே வெளியே தெரியும். நீண்ட கைப்பிடியால் ஆள் வெடிக்கு எட்ட நிற்கிறார். அந்த முறையில் விதவைகளும், வீட்டுக்கு உழைக்கும் ஒரே பிள்ளையான பெண்களும் ஆண்டுக்கணக்கில் வெயிலில் இருந்து வேலை செய்தார்கள். ஆகவே முகமாலைப் பக்கத்தில் ஒரு காணி துப்புரவானது என்றால் பெரும்பாலும் அது நாயின் வேலை அல்ல, அந்தக் கைகளின் வேலை.

வானிலையும் ஒரு தடை. மண் முற்றாகக் காய்ந்துவிட்டால் மணம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சிறு ஈரம் அதை விடுவிக்கும். அதனால் இலேசான பனி விழுந்த காலை நல்லது. மாரியில் நீர் தேங்கினால் மணம் மேலே வராது. காற்று பலமாக அடித்தால் மணம் பறந்துவிடும். சோளகம் வீசும் வறண்ட ஆடி மாத நண்பகலிலும், கார்த்திகை வெள்ளத்திலும் தேடிய தேடலைத் தேடல் என்று கணக்கெடுக்க முடியாது. நல்ல குழு எந்த நாள், எந்த நேரம், என்ன காற்று என்று எழுதிவைக்கும்.

இனி ஊருக்குப் போகும் நேயர்களுக்கு. காணியை நாய் பார்த்ததாம் என்று யாராவது சொன்னால் நாய் பற்றிக் கேட்காதீர்கள். பத்திரம் பற்றிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அந்த அமைப்பு வரைபடத்தோடு ஒரு முடிவறிக்கை எழுதி, நிலத்தை முறைப்படி கையளிக்க வேண்டும். கிளிநொச்சியில் பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகம் இருக்கிறது. கிராம அலுவலர் மூலமும் விசாரிக்கலாம். அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எங்கள் காணி முழுவதுமா, ஒரு பகுதியா? வரைபடத்தின் எல்லையும் உங்கள் உறுதியின் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அவர்கள் துப்புரவாக்கியது வெடி இருந்த நிலத்தை. உங்கள் வேலிவரை வந்தார்களா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, எந்த முறையில், எவ்வளவு ஆழத்துக்கு? வீடு கட்ட அத்திவாரம் வெட்டுகிறவருக்கும் கிணறு தோண்டுகிறவருக்கும் இது முக்கியம். நாய் பார்த்தது, கையால் தோண்டியது எதுவானாலும் அதற்கு ஓர் ஆழக் கணக்கு உண்டு. அதற்குக் கீழே எவரும் உறுதி சொல்லவில்லை.

மூன்றாவது, வெடி ஏதும் எடுக்கப்பட்டதா? எடுத்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அவை வரிசையாக வந்து உங்கள் எல்லையில் நின்றால், அந்த வரிசை அடுத்த காணிக்குள் தொடர்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிவப்பு அடையாளமோ மண்டையோட்டுப் பலகையோ உள்ள இடத்துக்குள் கால் வைக்க வேண்டாம். பலகை விழுந்தோ களவு போயோ இருக்கலாம். ஆகவே பலகை இல்லை என்பதும் சான்று அல்ல. பற்றையைத் துப்புரவாக்க நெருப்பு வைக்காதீர்கள். உருண்டையாகவோ பெட்டி போலவோ எதாவது கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏறுமுன்னரே சொல்லிக்கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள்தான் படிக்கவில்லை. இங்கே பூங்காவில் காணும் எதையும் ஓடிப்போய் எடுக்கப் பழகியவர்கள் அவர்கள்.

2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி தெரிந்த வெடிநிலங்களைத் துப்புரவாக்க 2028 வரை காலம் இருக்கிறது. பெருநிலம் துப்புரவாகிவிட்டது. மிஞ்சியிருப்பது கடினமான துண்டுகள். அந்தத் துண்டுகள் யாருடைய காணி என்று பார்த்தால், அவற்றில் பல இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் காணிகளாகவே இருக்கும். உறுதியை எடுத்து வைத்திருங்கள். போகும்போது பத்திரத்தோடு போங்கள். சந்தேகம் உள்ளவர்கள் நிலையத்துக்கு எழுதினால், எனக்குத் தெரிந்ததை அடுத்த மடலில் சொல்கிறேன்.